வேகம் அதேதான், துடிப்பு மட்டும் ஏன் ஏறுகிறது?

சமதளச் சாலையில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் முதல் முடிவு வரை கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற ஒரே வேகம். ஆனால் 20-வது நிமிடத்தில் 137 ஆக இருந்த இதயத் துடிப்பு, முடிக்கும்போது 153-ஐ எட்டிவிடுகிறது. வேகத்துக்கும் துடிப்புக்கும் இடையே இப்படி விழும் இடைவெளியைத்தான் ஓட்டப் பயிற்சியாளர்கள் 'ஏரோபிக் டீகப்ளிங்' என்கிறார்கள்.

ஓட ஓட உடல் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலை நோக்கிப் போகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் இதனால் குறைந்துபோக, தசைகளுக்கு வேண்டியதைக் கொடுக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. மாதக்கணக்கில் நிதானமாக ஓடிப் பழகியவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகம். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகியிருக்கும். எனவே அவர்களுக்குத் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும்.

இதைக் கணக்கிடுவது எளிது. உடல் சூடுபிடிக்கும் முதல் 10 நிமிடங்களை விட்டுவிட வேண்டும். சேர்த்தால் முதல் பாதியின் சராசரித் துடிப்பு குறைந்து, விலகல் பெரிதாகத் தெரியும். மீதி 80 நிமிடங்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் வேகத்தைச் சராசரித் துடிப்பால் வகுக்க வேண்டும். நம் ஓட்டக்காரர் நிமிடத்துக்கு 154 மீட்டர் ஓடுகிறார். முதல் பாதியில் சராசரித் துடிப்பு 140, அதாவது துடிப்புக்கு 1.10 மீட்டர். இரண்டாம் பாதியில் 149, துடிப்புக்கு 1.03 மீட்டர்தான். சரிவு சுமார் 6 சதவீதம். துடிப்பு ஏறாமல் வேகம் குறைந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது தெரிந்துவிடும்.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரவலாக்கிய அளவுகோலின்படி, சரிவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வேகத்தையும் நேரத்தையும் தாங்கும் அடித்தளம் இருக்கிறது. அதைத் தாண்டினால் இன்னும் போதவில்லை. இது அனுபவத்தில் வந்த எல்லைக்கோடு. மருத்துவப் பரிசோதனை அல்ல.

எண்ணை நம்புமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். மணிக்கட்டு வாட்ச் சில நேரம் துடிப்புக்குப் பதில் காலடிகளை எண்ணிவிடும். திடீரென 170-ஐ ஒட்டித் தாவி அங்கேயே நின்றால் சந்தேகப்பட வேண்டும். மார்புப் பட்டை இதில் நம்பகமானது. மற்றொன்று வெயில். காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிக்கும் ஓட்டத்தில், இரண்டாம் பாதி முழுக்க வெயிலில் கழியலாம்.

நம் ஓட்டக்காரர் அடுத்த வாரம் நன்றாகத் தூங்கி எழுந்து, நாலரைக்கே கிளம்பி அதே பாதையில் அதே வேகத்தில் ஓடட்டும். விலகல் 3 சதவீதமாக இறங்கினால், முந்தைய விலகலில் பாதி வெயிலுடையதாக இருக்கலாம். அப்போதும் 6-லேயே நின்றால், கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி நிதானித்து ஓடிவிட்டு, சில வாரங்கள் கழித்து மறுபடி கணக்குப் பார்க்கலாம்.