ஒரு சொல்லில் தீர்ப்பு: நபிமொழி அறிவிப்பாளர்களின் தரவரிசை

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரின் பெரிய ஹதீஸ் அறிஞர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ. ஒருமுறை அவர் அபூகல்தா என்பவரிடம் கேட்ட நபிமொழி ஒன்றைச் சொன்னபோது, “அபூகல்தா ஸிகத்தானவரா?” என்று ஒருவர் கேட்டார். அவர் உண்மையாளர், நம்பத் தகுந்தவர், நல்லவர் என்று இப்னு மஹ்தீ பதில் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. ஸிகத் என்றால் ஷுஅபாவும் ஸுஃப்யானும்தான் என்று முடித்தார்.

ஒருவரை மூன்று சொற்களால் புகழ்ந்தவர், நான்காவது சொல்லை மட்டும் ஏன் தர மறுத்தார்? அந்தச் சொல்லைத் தந்துவிட்டால் அபூகல்தா அறிவிப்பதை வேறு துணை தேடாமல் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளாகிவிடும். ஹதீஸ் கலையில் ஒவ்வொரு புகழ்ச்சொல்லுக்கும் ஒவ்வொரு குறைச்சொல்லுக்கும் பின்னால் இப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது.

நபிகள் நாயகம் சொன்னதும் செய்ததும் ஆளிடமிருந்து ஆளுக்குச் சொல்லப்பட்டுத்தான் நூல்களுக்கு வந்து சேர்ந்தன. நூலாசிரியர் தமக்குச் சொன்னவரின் பெயர், அவருக்குச் சொன்னவரின் பெயர் என்று நபித்தோழர் வரை வரிசையாக எழுதுவார். அந்த அறிவிப்பாளர் தொடரில் உள்ள ஒவ்வொருவரையும் ஆராய்ந்து நிறையும் குறையும் சொல்லும் துறைக்கு ‘ஜர்ஹ் வ தஃதீல்’ என்று பெயர்.

நேர்மை மட்டும் போதாது

அறிவிப்பாளரைப் பற்றி அறிஞர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இவர் நேர்மையானவரா? கேட்டதைக் கேட்டபடியே காத்துச் சொல்லக்கூடியவரா? முதலாவது குணத்தைப் பற்றியது, இரண்டாவது நினைவாற்றலையும் ஏட்டையும் பற்றியது. மதீனா பள்ளிவாசலின் தூண்களுக்கருகே அமர்ந்து நபிமொழி சொன்ன எழுபது பேரைச் சந்தித்தும் அவர்களிடமிருந்து தாம் எதையும் எடுக்கவில்லை என்று இமாம் மாலிக் சொன்னதாகப் பதிவு உண்டு. அவர்களில் ஒருவரிடம் அரசுக் கருவூலத்தையே ஒப்படைத்தாலும் மோசம் போகாது, ஆனால் இந்தத் துறைக்கு அவர்கள் ஆட்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

நேர்மையை அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். நினைவாற்றலை எப்படி அளப்பது? ஒப்பிட்டுப் பார்த்துத்தான். ஹிஜ்ரி 233-இல் இறந்த யஹ்யா இப்னு மயீன், ஹம்மாத் இப்னு ஸலமா என்பவரின் ஹதீஸ்களை அவருடைய மாணவர்கள் பதினேழு பேரிடம் கேட்டு எழுதியிருந்தார். பதினெட்டாவது மாணவரிடமும் போய் நின்றார். இத்தனை பேரிடம் கேட்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஹம்மாத் சில இடங்களில் தவறியிருக்கிறார், அவருடைய தவறு எது, மாணவருடைய தவறு எது என்று பிரித்தறிய வேண்டும் என்றார் இப்னு மயீன். மாணவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் சொன்னால் அது ஆசிரியருடையது. எல்லோரும் ஒன்று சொல்ல ஒருவர் மட்டும் வேறு சொன்னால் தவறு அந்த மாணவருடையது. ஓர் அறிவிப்பாளரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இந்த உழைப்பு இருந்தது.

எட்டுப் படிகள்

அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவந்த சொற்களை வரிசைப்படுத்தி, எந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் ரய் நகரத்து இப்னு அபீஹாதிம். ஹிஜ்ரி 327-இல் (கி.பி. 938) இறந்த இவர் தமது நூலுக்கு இந்தத் துறையின் பெயரையே வைத்தார். புகழ்ச்சிக்கு நான்கு படி, குறைக்கு நான்கு படி என்பது அவர் வகுத்த வரிசை.

புகழ்ச்சியின் உச்சியில் இருப்பவர் ‘ஸிகத்’. நேர்மையும் துல்லியமும் ஒருசேர உள்ளவர். இவரது அறிவிப்பை ஆதாரமாகக் கொள்ளலாம். அடுத்த படியில் ‘ஸதூக்’, அதாவது உண்மையாளர். பாதகமில்லை என்று பொருள்படும் ‘லா பஃஸ பிஹி’யும் இதே படிதான். இவருடைய ஹதீஸை எழுதிக்கொள்ள வேண்டும், ஆனால் சரிபார்க்க வேண்டும். இவர் பொய் சொல்லமாட்டார் என்பது உறுதி; தவறாக நினைவு வைத்திருக்கமாட்டார் என்ற உறுதிதான் இல்லை. அபூகல்தாவை இப்னு மஹ்தீ நிறுத்திய இடம் இதுவே. மூன்றாவது படியில் உள்ளவரை வெறுமனே ‘ஷெய்கு’ என்பார்கள். எழுதிச் சரிபார்ப்பது இவருக்கும் உண்டு, தரம் மட்டும் ஒரு படி குறைவு. நான்காமவர் ‘ஸாலிஹுல் ஹதீஸ்’. இவருடைய அறிவிப்பு, மற்ற அறிவிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எழுதப்படும்.

குறைப்படிகள் மெல்லத் தொடங்கி இறங்குகின்றன. ‘லய்யின்’ என்றால் கொஞ்சம் தளர்ச்சி உள்ளவர். அடுத்தவர் வலுவானவர் அல்லர் என்ற பொருளில் ‘லைஸ பிகவீ’. மூன்றாமவர் ‘ளயீஃப்’, பலவீனமானவர். இந்த மூவரின் ஹதீஸ்களையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது, துணைச் சான்றாகப் பயன்படுமா என்று பார்க்க வேண்டும் என்கிறார் இப்னு அபீஹாதிம். நான்காவது படியில்தான் கதவு சாத்தப்படுகிறது. கைவிடப்பட்டவர் என்று பொருள்படும் ‘மத்ரூக்’, பொய்யர் என்று பொருள்படும் ‘கத்தாப்’ ஆகிய இருவருடைய ஹதீஸ்களையும் எழுதவே கூடாது.

இந்த வரிசையில் முக்கியமான கோடு எது என்று கேட்டால், பலரும் நினைப்பதுபோலப் புகழ்ச்சிக்கும் குறைக்கும் நடுவே உள்ளதைச் சொல்லமாட்டேன். ளயீஃபுக்கும் மத்ரூக்குக்கும் நடுவே உள்ள கோடுதான் அது. நினைவுத் தளர்ச்சியால் பலவீனமான ஒருவர் சொன்னதையே, அவரோடு தொடர்பில்லாத இன்னொருவர் வேறு வழியில் சொன்னால், இருவரும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தாங்கி, அந்த ஹதீஸ் ‘ஹஸன்’ என்னும் ஏற்கத்தக்க தரத்துக்கு உயரலாம். பொய்யர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. ஒருவர் இட்டுக்கட்டியதை இன்னொருவர் எடுத்துத் தமது தொடரில் ஒட்டிவிட முடியும். பத்துப் பொய்யர்கள் சேர்ந்து சொன்னாலும் அது ஒரு சான்றாகாது.

பின்னாளில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (இறப்பு ஹிஜ்ரி 852, கி.பி. 1449) ‘தக்ரீபுத் தஹ்தீப்’ என்ற கையேட்டில் இந்த வரிசையைப் பன்னிரண்டு படிகளாக விரித்தார். உச்சியில் நபித்தோழர்கள், அடியில் பொய்யர்கள். இதில் வாசகர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஆறாவது படியான ‘மக்பூல்’. ஏற்கப்பட்டவர் என்ற பொருளை மட்டும் பார்த்துவிட்டு இவரது அறிவிப்பு சரியானது என்று எழுதிவிடுகிறார்கள். இப்னு ஹஜர் முன்னுரையிலேயே நிபந்தனை வைத்திருக்கிறார். துணை அறிவிப்பு இருந்தால்தான் இவர் மக்பூல். தனித்துச் சொன்னால் லய்யின்.

சொன்னவர் யார் என்றும் பார்க்க வேண்டும்

ஒரே சொல் எல்லோர் வாயிலும் ஒரே எடையில் வராது. இப்னு மயீன் ‘பாதகமில்லை’ என்று சொன்னால் அது ஸிகத்துக்குச் சமம். அதை அவரே விளக்கியிருக்கிறார். இமாம் புகாரீ யாரையும் பொய்யர் என்று சொல்வது அரிது. ‘ஃபீஹி நழர்’ என்பார், அதாவது இவர் விஷயத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு மென்மையாக இருக்கும் இந்தச் சொல் அவரிடத்தில் பெரும்பாலும் கடுமையான குறை.

காரணம் சொல்லாத குறையையும் அறிஞர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மின்ஹால் இப்னு அம்ர் என்பவரின் வீட்டிலிருந்து இசையொலி கேட்டது என்பதற்காக ஷுஅபா அவரிடம் ஹதீஸ் கேட்காமல் திரும்பிவிட்டார். அந்தக் காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் எடைபோட்டு, அது ஒருவரின் அறிவிப்பைத் தள்ளுவதற்குப் போதாது என்றார்கள். மின்ஹாலின் அறிவிப்பு புகாரீயின் ஸஹீஹ் நூலில் இடம்பெற்றிருக்கிறது.

எகிப்து நீதிபதியின் கதை

இத்தனையும் ஒரே மனிதரில் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்க்க அப்துல்லாஹ் இப்னு லஹீஆவைவிடப் பொருத்தமானவர் இல்லை. அப்பாஸிய கலீஃபா மன்ஸூரின் காலத்தில் எகிப்தின் நீதிபதியானவர். ஏராளமான ஹதீஸ்களை எழுதிவைத்திருந்தார். ஹிஜ்ரி 170 வாக்கில் அவருடைய ஏடுகள் தீயில் எரிந்தன. அதன்பின் சில ஆண்டுகளே வாழ்ந்து 174-இல் (கி.பி. 790) காலமானார்.

அவரது ஹதீஸ்கள் என்று சிலர் ஒரு தொகுப்பை வைத்திருந்ததை யஹ்யா இப்னு ஹஸ்ஸான் என்பவர் வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்றுகூட இப்னு லஹீஆவுடையதாக இல்லை. நேரே அவரிடமே போய்க் கேட்டார். நான் என்ன செய்வது, ஏட்டைக் கொண்டுவந்து இது உங்கள் ஹதீஸ் என்கிறார்கள், நானும் படித்துச் சொல்கிறேன் என்றார் அந்த முதியவர். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனால் தம்முடையது எது, பிறருடையது எது என்று பிரித்தறியும் திறன் போய்விட்டது.

இவரைப் பற்றி இப்னு ஹஜர் எழுதிய தீர்ப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் வேலை இருக்கிறது. முதலில் ஸதூக் என்கிறார். பொய்யர் என்ற சந்தேகம் அதோடு நீங்குகிறது. ஏடுகள் எரிந்த பிறகு குழம்பிவிட்டார் என்கிறார். இது பிற்காலத்தில் கேட்டவர்களின் அறிவிப்புக்கு எச்சரிக்கை. இப்னுல் முபாரக்கும் இப்னு வஹ்பும் இவரிடமிருந்து அறிவிப்பவை மற்றவற்றைவிடச் சீரானவை என்கிறார். ஆகவே இப்னு லஹீஆ இடம்பெறும் தொடரைக் கண்டால், அவரிடம் கேட்டவர் யார் என்று அடுத்த பெயரைப் பார்க்க வேண்டும். இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹ் நூலில் இவரைத் தனியாக நம்பாமல், இன்னோர் அறிவிப்பாளரோடு சேர்த்தே கொண்டுவந்தார்.

இதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஏடுகள் எரிவதற்கு முன்பும் பின்பும் இவர் பலவீனமானவரே என்று சொன்னவர்கள் உண்டு. முற்கால அறிவிப்புகளிலும், இடையிலிருந்த பலவீனமானவர்களின் பெயரை இவர் விட்டுவிட்டு அறிவித்திருக்கிறார் என்று இப்னு ஹிப்பான் ஆராய்ந்து சொன்னார். அதனால் இப்னு வஹ்பின் அறிவிப்பை ஏற்பவர்களும் உண்டு, துணைச் சான்றாக மட்டும் வைப்பவர்களும் உண்டு.

தமிழில் வெளிவரும் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளிலும் இதழ்களிலும் ‘இதன் அறிவிப்பாளர் பலவீனமானவர்’ என்ற ஒற்றை வரி அடிக்கடி வருகிறது. தளர்ந்த நினைவு, யாரென்று தெரியாத ஆள், கைவிடப்பட்டவர், பொய்யர் ஆகிய எல்லோரையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைப்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துவைத்ததை மறுபடி கலப்பதாகும். எழுதுவோர் அந்த அறிவிப்பாளரை எந்தப் படியில், யார், என்ன காரணத்தால் வைத்தார் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் வாசகர்கள் கேட்க வேண்டும்.