மழைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

செல்போன் கோபுரத்தில் வட்டத் தட்டு போல ஒரு ஆன்டெனா தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கேபிள் எட்டாத இடங்களில் அதுதான் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு தட்டுக்கு மைக்ரோவேவ் அலையாகத் தகவலை அனுப்புகிறது. தட்டை மாட்டுவதற்கு முன்பே இந்த இணைப்பு தாங்குமா என்று காகிதத்தில் ஒரு வரவு செலவு போடுவார்கள். அதுதான் லிங்க் பட்ஜெட்.

தமிழகக் கடற்கரைச் சமவெளியில் 20 கி.மீ. இடைவெளியில் இரண்டு கோபுரங்கள், அலைவரிசை 15 ஜிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு டெசிபெல்லில் நடக்கும். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும், இரு மடங்கானால் 3. பெருக்கலெல்லாம் கூட்டலாகிவிடுவதுதான் இதன் வசதி. தொடக்கப் புள்ளி ஒரு மில்லிவாட். அது 0 டிபிஎம்.

முதலில் வரவு. ரேடியோ அனுப்பும் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். 1.2 மீட்டர் தட்டு அலையை ஒரே திசையில் குவிப்பதால் ஒவ்வொரு முனையிலும் 43 டெசிபெல் லாபம். ஆக 106.

அடுத்து செலவு. பெரும் செலவு தூரம்தான்:

L = 92.45 + 20 log10(f) + 20 log10(d)

f ஜிகாஹெர்ட்ஸில், d கிலோமீட்டரில். 15-ஐயும் 20-ஐயும் போட்டால் 142 டெசிபெல். இரு முனைகளிலும் ரேடியோவையும் தட்டையும் இணைக்கும் குழாயில் தலா 1, காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் விழுங்குவது 1. மொத்தம் 145. வரவில் கழித்தால் −39 டிபிஎம். இது ஒரு மைக்ரோவாட்டில் எட்டில் ஒரு பங்குதான் என்றாலும் ரேடியோவுக்குத் தாராளம். 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 128 குவாம் முறையில் தகவல் அனுப்பினால், சுமார் −71 வரை இறங்கினாலும் அது பிழையின்றிப் படித்துவிடும். ஆக, கையிருப்பு 32 டெசிபெல்.

வானம் தெளிந்த நாளின் கணக்கு இது. 15 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 செ.மீ. மழைத்துளி அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். மணிக்கு 95 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழையில், செங்குத்துத் தளத்தில் அதிரும் அலைகூட கிலோமீட்டருக்கு 6 டெசிபெல் அளவுக்கு இழக்கிறது. விழும் துளி சற்றுத் தட்டையாவதால் கிடைத்தள அலைக்கு இழப்பு இன்னும் அதிகம். இப்படிப்பட்ட மழை 20 கி.மீ. முழுக்கச் சீராகப் பெய்வதில்லை. அதனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முறைப்படி இங்கே சுமார் 9 கி.மீ. மட்டும் கணக்கில் கொள்ளலாம். அப்படியும் 52 டெசிபெல். கையிருப்போ 32.

இந்த அளவு மழை ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது 53 நிமிடம் பெய்கிறது என்றாலும் அத்தனை நிமிடமும் இணைப்பு இருக்காது. கொஞ்சம் குறைந்த மழையிலும் அறுந்துபோகும்.

துண்டு விழும் 20 டெசிபெல்லை எப்படி ஈடுகட்டுவது? தட்டை 1.8 மீட்டராக்கினால் இரு முனையும் சேர்த்து 7 டெசிபெல்தான் கூடும். நடுவே ஒரு கோபுரம் எழுப்பி 10 கி.மீ. வீதம் இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் தாங்கும். ஆனால் கோபுரச் செலவு உண்டு. இன்னொரு வழி 7 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது. அதே தட்டுக்கு அங்கே லாபம் குறைவதால் கையிருப்பு 26-ஆகச் சுருங்கும். ஆனால் அதே மழை அங்கே பறிப்பது 9 டெசிபெல் அளவுதான். கையிருப்பு குறைந்த இந்த வழிதான் மழையில் நிற்கிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. அலை கோடுபோல் மெலிதாகப் போவதில்லை, நடுவழியில் உப்பிக்கொள்ளும். 7 ஜிகாஹெர்ட்ஸில் பாதையின் நடுவே அச்சுக்கோட்டுக்குக் கீழ் 9 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவு 6 மீட்டர், தென்னை 25 மீட்டர். 40 மீட்டர் கோபுரத்தில் எல்லாம் சரியாகப் போய்விட்டது. நாளை தென்னை வளர்ந்தால் கணக்கு உதைக்கும்.

தட்டை மாட்டியபின் ரேடியோ காட்டும் அளவை −45 என்ற கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு டெசிபெல் வேறுபாடு சகஜம். இருபது குறைந்தால் தட்டு பக்கக் கதிர் ஒன்றில் நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்த இடத்திலும் தட்டை இப்படி அப்படி நகர்த்தினால் அளவு குறையும். உச்சத்தைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஏமாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது காகிதத்தில் போட்ட அந்தக் கணக்குதான். மழை விட்ட பிறகும் அளவு பழைய நிலைக்கு ஏறவில்லையா? குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.