ஒரு பில், இரண்டு பேர்

அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர் தன் பில்லை அலுவலகத்தின் பொது மெயிலுக்கு அனுப்புகிறார். பணம் வரத் தாமதமானால், கணக்குப் பிரிவில் தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பிலும் ஒன்றைத் தட்டிவிடுகிறார். மெயிலைப் பார்த்தவர் அதை INV-118 என்று பதிகிறார், வாட்ஸ்அப்பைப் பார்த்தவர் வெறும் 118 என்று. எண் அப்படியே ஒத்திருந்தால்தான் மென்பொருள் எச்சரிக்கும். ஆக, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகிறது. அடுத்த மாதம் 14-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியல் வந்து, கணக்கோடு ஒப்பிடும்போதுதான் குட்டு உடையும்: பட்டியலில் ஒன்று, நம் கணக்கில் இரண்டு.

இருவருமே சோம்பேறிகள் இல்லை. கண்ணில் பட்ட வேலையை உடனே முடிப்பவர்கள் என்பதால் வந்த வினை இது. "பில்லை நீங்க பாருங்க, பேமென்ட்டை நான் பார்க்கிறேன்" என்று வாய்வார்த்தையாகப் பிரித்திருப்பார்கள். பில் வேலை எங்கே முடிகிறது, பேமென்ட் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேரில் பேசிவிட்டு, அன்றே இப்படி ஒரு மெயில் எழுதலாம்:

"அக்கா, காலையில் பேசியதை எழுதி வைக்கிறேன். இந்த மாதம் இரண்டு பில்கள் நம் இருவர் கையிலும் பதிவாகிவிட்டன. ஒன்றுக்குப் பணமும் இருமுறை போய்விட்டது; அதைத் திரும்ப வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி என் வாட்ஸ்அப்புக்கு வரும் பில்லையும் பொது மெயிலுக்கே அனுப்பிவிடுகிறேன். பதிவது நீங்கள் மட்டும், பில்லில் உள்ள எண்ணை அப்படியே. மேலாளர் ஒப்புதல் கொடுத்த நிமிடத்திலிருந்து அது என் வேலை: பணம் அனுப்புவது, 'எப்போ வரும்' என்று கேட்கும் போன்கள், எல்லாம். நீங்கள் லீவில் இருந்தால் நான் பதிந்து, அன்றே பில் எண்களை உங்களுக்கு அனுப்புகிறேன். எதையாவது மாற்ற வேண்டுமானால் வெள்ளிக்குள் சொல்லுங்கள். சரியென்றால் சாருக்கு அனுப்பிவிடலாம்."

இதில் உயிர்நாடி 'ஒப்புதல் கொடுத்த நிமிடத்திலிருந்து' என்பதுதான். வேலை கை மாறும் இடம் தெரிந்துவிட்டால், போனை யார் எடுப்பது என்ற தகராறுக்கே இடமில்லை. 'சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று ஒரு வரி நுழைந்தாலும் பழைய குழப்பம் திரும்பும். லீவு நாளுக்கான வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரட்டைப் பதிவு மறுபடி தலைகாட்டுவது அந்த நாட்களில்தான்.

மேலாளரை முதல் மெயிலிலேயே நகலில் சேர்த்தால் அது புகார் கடிதமாகத்தான் படும். அதற்காக அவரை விட்டுவிடவும் முடியாது. சம பதவியில் இருப்பவர்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டாலும், எதிரே வந்தவர் கையில் பில்லைத் திணிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால் மெயில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. பொது மெயிலுக்கே அனுப்புங்கள் என்று அவரிடமும் சப்ளையர்களிடமும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.