இறுதிச் சுற்றிலே சமநிலை

சதுரங்க ஆட்டத்திலே எதிராளி “சமநிலைக்குச் சம்மதமா?” என்று கேட்பது புதுமையன்று. ஆயின் அக்கேள்வி இறுதிச் சுற்றிலே எழும்போது, அதுவும் கேட்கப்படுபவனுடைய நிலை சற்றே மேலோங்கி நிற்கும்போது, அதற்கு விடை கூறுவது எளிதன்று. வெற்றி கையிலே இல்லை. தோல்வியும் அருகிலே இல்லை. அரைப் புள்ளி மட்டும் மேசையின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அதனை எடுப்பதா, விடுப்பதா?

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாண நகரிலே நடைபெறும் மாணவர் சதுரங்கப் போட்டிக்கு வந்த ஒருவனைக் கற்பனை செய்து கொள்ளலாம். போட்டி ஏழு சுற்றுக்களைக் கொண்டது. ஆறு சுற்றுக்கள் முடிந்துள்ளன. அவனுக்கு ஐந்து புள்ளிகள். முதலாம் மேசையில் அவனுக்கு எதிரே இருப்பவனுக்கும் ஐந்து. இரண்டாம் மேசையில் விளையாடும் இருவருக்கும் நாலரை வீதம் உண்டு. ஏனையோர் நான்கிலும் அதற்குக் கீழும் நிற்கின்றனர். மாலையாகிவிட்டது. வேலணையைக் கடந்து, கடலின் நடுவே செல்லும் பாலத்து வீதியால் ஊருக்குச் செல்லும் பேருந்தின் நினைவும் மனத்திலே எழுகின்றது. அவ்வேளையில் எதிராளி கையை நீட்டுகிறான். களைப்பு ஒருபுறமும் ஆசை ஒருபுறமுமாக இழுக்கும் இந்த நேரத்திலேதான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன.

முதலிலே விதியை அறிந்துகொள்ளுதல் நன்று. சமநிலை கேட்பவன் தன் காயைப் பலகையிலே நகர்த்திய பின்னரும், கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னரும் கேட்க வேண்டும். கேட்டபின் அதனை மீளப் பெற்றுக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. கேட்கப்பட்டவன் வாயால் மறுக்கும் வரையிலோ, நகர்த்தும் எண்ணத்துடன் ஒரு காயைத் தொடும் வரையிலோ, அந்த வேண்டுகோள் உயிருடன் இருக்கும். ஆகவே உடனே விடை கூறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தன் கடிகாரத்திலே நேரமுள்ள அளவுக்கு அவன் அமைதியாக ஆராயலாம். எழுந்து சென்று இரண்டாம் மேசையைப் பார்த்து வருவதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஆனால் ஆசிரியரிடமோ தோழனிடமோ ஒரு சொல்லும் கேட்டல் ஆகாது. கேள்வி காதில் விழுந்ததும் பதற்றத்திலே குதிரையைத் தொட்டுவிடுகின்ற மாணவர் பலர். தொட்ட அக்கணமே அரைப் புள்ளி மறைந்துவிடுகிறது. அது தம் விருப்பமா அன்றா என்பதையும் அவர்கள் அறியார்.

அடுத்துப் பார்க்கவேண்டியது தன் மேன்மை எத்தகையது என்பது. “சற்று மேலான நிலை” என்னும் ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, நிலைத்து நிற்கும் மேன்மை: ஒரு சிப்பாய் மிகுதி, அல்லது எதிராளியின் சிப்பாய்களிடையே நீங்காத ஒரு பலவீனம், தன் அரசனுக்கோ ஆபத்து எதுவுமில்லை. இதனை இருபது நகர்த்தல்களுக்குப் பின்னரும் பலகையிலே காணலாம். மற்றையது, ஓடும் நீர் போன்ற மேன்மை: காய்கள் விரைந்து முன்னேறியுள்ளன, எதிராளி திணறுகிறான், ஆனால் சரியான நகர்த்தல்கள் இரண்டு தவறினால் அவனே திரும்பித் தாக்குவான். முன்னையதிலே தொடர்ந்து விளையாடுவதற்கு விலை எதுவும் இல்லை. பின்னையதிலே விலை உண்டு. எது தன்னுடையது என்பதை அறிய ஒரு சோதனை போதும். தான் இரண்டு நகர்த்தல்களை வீணாக்கினால் என்ன நேரும் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். எதுவும் நேராது என்றால் மேன்மை நிலையானது.

நம் மாணவனுடைய நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். இத்தகைய ஆட்டத்தைப் பத்து முறை தொடர்ந்தால் மூன்று முறை அவன் வெல்வான், ஆறு முறை சமநிலையாகும், ஒரு முறை தோற்பான் என்பது அவனுடைய மதிப்பீடு. புள்ளிக் கணக்கிலே பார்த்தால் தொடர்வதே இலாபம்; பத்து ஆட்டங்களிலே ஆறு புள்ளிகள் வரும், சமநிலைகளால் ஐந்துதான் வரும். பல நூல்களும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இறுதிச் சுற்றிலே புள்ளிக்கு மதிப்பில்லை. புள்ளி வாங்கித் தரும் இடத்துக்கே மதிப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புள்ளிகள் சமமானால் பெரும்பாலான போட்டிகளில், ஒருவன் எதிர்கொண்டவர்கள் எல்லோரும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, கூட்டுத்தொகை மிகுந்தவனுக்கு முன்னிடம் அளிப்பார்கள். நம் மாணவன் முதற் சுற்றிலேயே தோற்றவன். அதனாலே அடுத்த சுற்றுக்களில் எளிய எதிராளிகளையே சந்தித்தான். அவனுடைய கூட்டுத்தொகை குறைவு. எதிராளியோ ஐந்தாம் சுற்றுவரை தோல்வியறியாது வந்து, வலியவர்களோடு பொருதவன். அவனுடைய தொகை மிகுதி. சமநிலை என்பது இருவருக்கும் ஒரே பரிசன்று.

இப்போட்டியிலே முதலிடம் பெறுபவன் ஒருவன் மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் செல்வான் எனின், சமநிலை நம் மாணவனுக்கு எதனையும் தராது. இருவரும் ஐந்தரை பெறுவர். கூட்டுத்தொகையால் மற்றவனே முதல்வனாவான். மறுத்தால் பத்திலே மூன்று வாய்ப்புண்டு. ஆகவே மறுக்கவே வேண்டும். முதல் இருவர் செல்வர் எனின் விடை இரண்டாம் மேசையிலே இருக்கிறது. அங்கே ஆட்டம் ஏற்கெனவே சமநிலையிலே முடிந்திருந்தால், அவ்விருவரும் ஐந்துக்கு மேல் ஏறமுடியாது. நம் மாணவன் கையை நீட்டிச் சமநிலையை ஏற்றால் அவனது இடம் உறுதி. அவ்வேளையில் மேன்மையைப் பெரிதாக எண்ணித் தொடர்வது, உறுதியானதைப் பணயம் வைத்து ஏற்கெனவே உள்ளதையே தேடுவதாகும். மாறாக அங்கே ஒருவன் வென்றிருந்தால், ஐந்தரையிலே மூவர் நிற்பர். கூட்டுத்தொகை குறைந்த நம் மாணவனே மூன்றாமவனாகக்கூடும். அப்போது சமநிலைக்கும் தோல்விக்கும் பெரும் வேறுபாடு இல்லை. பலகையிலே ஒரு காயும் இடம் மாறவில்லை. ஆயினும் விடை மூன்று முறை மாறிவிட்டது.

உலகின் மிக உயர்ந்த மேடையிலும் இதே கேள்வி இருமுறை எழுந்து, இருவேறு விடைகளைப் பெற்றது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி இலண்டனிலே உலக வீரர் பட்டத்துக்கான பன்னிரண்டாவது ஆட்டம். அதற்கு முந்திய பதினொன்றும் சமநிலையிலே முடிந்திருந்தன. நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சன் கறுப்புக் காய்களுடன், அமெரிக்க வீரர் பேபியானோ கருவானாவைவிட மேலான நிலையை அடைந்தார். கடிகாரத்திலும் அவருக்கே நேரம் அதிகம். ஆயினும் 31ஆவது நகர்த்தலுடன் அவரே சமநிலை கேட்டார். பார்த்திருந்தோர் திகைத்தனர். முன்னாள் வீரர் கஸ்பரோவ் கார்ல்சனின் மனவுறுதியையே வெளிப்படையாக ஐயுற்றார். ஆனால் சமநிலைக்குப் பின் வருவது விரைவாட்டம். அதிலே கார்ல்சனுக்கு நிகர் அரிது. பலகையிலிருந்த மேன்மையோ சிக்கலான நிலையிலே, தவறுக்கு இடம் வைத்திருந்த மேன்மை. இரண்டு நாட்களின் பின் நடந்த விரைவாட்டங்கள் மூன்றையும் அவர் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். விளைவு நன்றாயிற்று என்பதற்காக முடிவு சரியென்று கூறிவிட முடியாது. மேலான நிலையையும் மேலான நேரத்தையும் ஒருங்கே விட்டுக்கொடுத்தது மிகை என்றே கருதத் தோன்றுகிறது. எனினும் அரைப் புள்ளி தன்னை எங்கே கொண்டு செல்லும் என்று அவர் கணக்கிட்டதிலே பிழையில்லை.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரிலே, சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் குகேஷ், சீன வீரர் டிங் லிரெனுக்கு எதிரே பதினான்காவதும் இறுதியுமான ஆட்டத்திலே அமர்ந்தார். இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். டிங் வெள்ளைக் காய்களுடன் விளையாடியும் காய்களை மாற்றிக் குறைத்துச் சமநிலையை நாடினார். அதற்காக ஒரு சிப்பாயையும் இழக்கத் துணிந்தார். எஞ்சியவை இருபுறத்திலும் ஒரு கோட்டையும், ஒரே நிறக் கட்டங்களிலே சாய்வாகச் செல்லும் ஒரு மந்திரியும்; குகேஷுக்கு மூன்று சிப்பாய்கள், டிங்குக்கு இரண்டு; எல்லாச் சிப்பாய்களும் பலகையின் ஒரே பக்கத்தில். சரியாகக் காத்தால் இது சமநிலை என்பதை இருவரும் அறிவர்.

ஆயினும் குகேஷ் தொடர்ந்தார். அவருடைய மேன்மை, முன்னர் கூறிய நிலையான மேன்மை. தோற்கும் வழி ஏறக்குறைய இல்லை. டிங்கின் கடிகாரத்திலே நேரம் சுருங்கியிருந்தது. சமநிலையானால் மறுநாள் விரைவாட்டம். அதிலே அனுபவம் மிக்க டிங்குக்கே வாய்ப்பு அதிகம் எனப் பலர் எண்ணினர். ஆக, அரைப் புள்ளி இலண்டனிலே கார்ல்சனைத் தனக்குச் சாதகமான களத்துக்கு அழைத்துச் சென்றது. சிங்கப்பூரிலே அது குகேஷைச் சாதகமற்ற களத்துக்கே அழைத்துச் சென்றிருக்கும்.

55ஆவது நகர்த்தலிலே டிங் தம் கோட்டையை எதிர்க் கோட்டைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். கோட்டைகள் மாறுவது தமக்கு நல்லதென எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அவருடைய மந்திரி பலகையின் மூலையிலே அடைபட்டிருந்தது. குகேஷ் கோட்டையை வெட்டிவிட்டுத் தம் மந்திரியை அதற்கெதிரே வைத்தார். வெள்ளை மந்திரி தப்ப வழியில்லாமல் மாறியே தீரவேண்டியதாயிற்று. அதன்பின் அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சின. அத்தகைய நிலையிலே ஒரு சிப்பாய் மிகுதி என்பது வெற்றி. 58ஆவது நகர்த்தலுடன் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். இப்பிழை நிகழும் என்று குகேஷ் அறிந்திருக்க முடியாது. பிழை நிகழ்வதற்கு வேண்டிய நேரத்தை எதிராளிக்கு அளித்ததே அவர் செய்தது. அந்த நேரத்துக்கு அவர் செலுத்திய விலை எதுவுமில்லை.

யாழ்ப்பாணத்து மேசையிலே நம் மாணவன் இன்னும் விடை கூறவில்லை. அவனுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இருவர் செல்லும் போட்டி அது. அவன் காய் எதனையும் தொடாமல் எழுந்து, இரண்டாம் மேசைக்குச் சென்று, அங்கே பலகை வெறுமையாகக் கிடப்பதையும், புள்ளித்தாளிலே ஒருவனுக்கு ஒன்றும் மற்றவனுக்குச் சுழியும் எழுதப்பட்டிருப்பதையும் கண்டு, திரும்பி வந்து அமர்ந்து, தன் கோட்டையை ஒரு கட்டம் முன்னே நகர்த்துகிறான்.