உவர் ஏரியில் உடல் மிதப்பது ஏன்?

ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் கரிய நீர் என்பது பொருள். இவ்வூர் மலையோடைகளில் ஓடுவது நன்னீர். சில கல் தொலைவில் தஞ்சோங் பூங்காவில் அலையடிப்பது கடல்நீர். கடலில் நீந்திப் பழகிய பிள்ளைகள் ஓடைக் குட்டத்தில் இறங்கியதும், நீர் தங்களைக் கீழே இழுப்பதாகச் சொல்வதுண்டு. உண்மையில் நன்னீர் எவரையும் இழுப்பதில்லை. கடல்நீரைவிடச் சற்றுக் குறைவாகத் தாங்குகிறது, அவ்வளவே. அந்தச் சிறு குறைவின் அளவை அறிந்துகொண்டால் உவர் ஏரிகளின் வியப்பும் தானே விளங்கிவிடும்.

கனமான பொருள் மூழ்கும் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். வகுப்பில் பிழையைத் தொடங்கிவைப்பது இந்தச் சொல்தான் என்பது எம் கருத்து. பத்து ஆள் தூக்கும் மரம் மிதக்கிறது. விரல்நுனியளவு கூழாங்கல் மூழ்குகிறது. கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கனம் எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குரிய சொல் அடர்த்தி. மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் வரை அமிழ்கிறது; அதன்பின் அமிழ்வதில்லை. இது ஆர்க்கிமிடீசு கண்ட நெறி.

இதை ஒருவர் உடலில் வைத்துக் கணக்கிடுவோம். அவர் எடை 60 கிலோ. மூச்சை நன்றாக உள்ளிழுத்த நிலையில் அவர் உடல் அடைக்கும் இடம் 61.2 லிட்டர் என்று கொள்வோம். நன்னீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே 60 லிட்டர் நீரை விலக்கியதும் அவர் எடை தாங்கப்பட்டுவிடும். நீருக்கு மேலே நிற்பது 1.2 லிட்டர் மட்டுமே. மனிதத் தலையின் அளவோ நான்கு லிட்டருக்கும் மேல். எனவே அவர் நிமிர்ந்து நின்றால் மூக்கு நீருக்குள்ளேயே இருக்கும். மூன்று லிட்டர் மூச்சை வெளியே விட்டாலோ உடல் 58.2 லிட்டராகச் சுருங்கும். அப்போது முழுவதும் மூழ்கியும் எடையைத் தாங்கும் அளவுக்கு நீர் விலகாது. உதவி கேட்டுக் கையைத் தூக்குவதும் இதே தீங்கைச் செய்கிறது. ஒரு கை ஏறக்குறைய மூன்று கிலோ. அதை மேலே எடுத்தால் தலை உள்ளே போகிறது. நன்னீரில் தவிப்பவர் கைகளை நீருக்குள் வைத்து, காது நனையத் தலையைப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்த வேண்டும். அப்போது கிடைக்கும் அந்த ஒரு லிட்டர், மூக்கும் வாயுமாக அமையும். கொழுப்பு மிகுந்த உடல் இன்னும் எளிதாக மிதக்கும். தசை இறுகிய ஒல்லியர் மூச்சடக்கியும் அமிழ்வதுண்டு.

உப்பு என்ன செய்கிறது? ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்துப் பாருங்கள். எடை 100 கிராம் கூடும். ஆனால் நீர்மட்டம் 30 மில்லிலிட்டர் அளவே ஏறும். கரைந்த உப்பின் மின்னேறிய துகள்கள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி நெருக்கிக்கொள்வதால், கூடிய எடைக்கு ஏற்ற இடம் கூடுவதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் உள்ளன. அதனால் ஒரு லிட்டரின் எடை 1.025 கிலோ. நம் நண்பருக்கு அங்கே 58.5 லிட்டர் விலகினால் போதும், 2.7 லிட்டர் மேலே நிற்கும். நன்னீரில் கிடைத்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல்! பிள்ளைகள் உணர்ந்த வேறுபாடு இதுவே.

சாக்கடலுக்கு யோர்தான் ஆறு நீரைக் கொண்டுவருகிறது, வெளியேற வழியில்லை. நீர் ஆவியாகிப் போக, உப்புகள் தங்கிவிடுகின்றன. அங்கே ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய 1.24 கிலோ. 60 கிலோவைத் தாங்க 48.4 லிட்டர் போதும். ஏறத்தாழ 13 லிட்டர், அதாவது உடலில் ஐந்திலொரு பங்கு, வெளியே நிற்கும். மூச்சை விட்டாலும் பத்து லிட்டர் அளவு மேலேயே இருக்கும். இதற்கு நெருங்கிய நீர் தமிழகத்திலும் உண்டு. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும்போது ஒரு லிட்டரின் எடை 1.2 கிலோவைத் தாண்டிவிடும். ஆனால் பாத்தியின் ஆழம் கணுக்கால் அளவே. அங்கே மிதப்பது பளுவறியும் கண்ணாடிக் குழல்தான். உப்பு ஏற ஏற அக்குழல் மேலெழுவதைப் பார்த்து அளவு குறிப்பார்கள். அதுவும் நம் நண்பரின் கணக்கேதான்.

இத்தனை தாங்கும் நீரிலும் மனிதர் மூழ்கி இறந்ததுண்டு. கால்கள் தாமே மேலெழுவதால், குப்புற விழுந்தவர் புரண்டு எழுவது கடினம். முகம் நீருக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த உவர்நீரை விழுங்கினாலோ, மூச்சில் இழுத்தாலோ உயிருக்கே கேடு. ஆகவே அங்கே நீந்த முயலாமல் மல்லாந்து கிடக்கிறார்கள். எழ வேண்டுமானால், முழங்கால்களை மார்புநோக்கி மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பிறகே பாதங்களைக் கீழே ஊன்றுகிறார்கள்.