ஒரே ரோகிணி, இரண்டு ஜாதகங்கள்

சித்திரை 14 அன்று ஒரு குழந்தையும் கார்த்திகை 16 அன்று இன்னொன்றும் பிறக்கின்றன. இரண்டுக்கும் சந்திரன் ரிஷபத்தில் 15 பாகையில் இருக்கிறது. ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. இவை சந்திரனின் இடத்தை மட்டுமே சொல்பவை. திதி, யோகம், கரணம் மூன்றும் சூரியனையும் கணக்கில் சேர்க்கின்றன.

சித்திரைக் குழந்தைக்குச் சூரியன் மேஷத்தில் 14 பாகை. சந்திரன் அதைவிட 31 பாகை முன்னே நிற்கிறது. 12 பாகைக்கு ஒரு திதி என்பதால் வளர்பிறைத் திருதியை. திதியில் பாதி கரணம். இங்கே பிற்பாதி, கரசை. யோகத்துக்கு மேஷத் தொடக்கத்திலிருந்து இருவரின் தூரத்தையும் கூட்ட வேண்டும்: 14, 45, ஆக 59. ஒரு யோகம் 13 பாகை 20 கலை. எனவே ஐந்தாவதான சோபனம்.

கார்த்திகைக் குழந்தைக்குச் சூரியன் விருச்சிகத்தில் 16 பாகை. இடைவெளி 179. எனவே பௌர்ணமி, பவ கரணம், சித்த யோகம்.

இந்த வேறுபாட்டை ஜோதிடர்கள் சந்திர பலமாகப் படிக்கிறார்கள். மெல்லிய பிறையைவிட முழுநிலவுக்கு வலிமை அதிகம் என்பது மரபு.

நாட்காட்டியில் அச்சான திதியை அப்படியே எழுதினால் தவறு நேரும். கரணம் சுமார் அரை நாளிலேயே மாறிவிடும். பிறந்த நேரத்தையும் முடிவு நாழிகையையும் ஒப்பிட வேண்டும். எல்லையோரப் பிறப்புகளில் வாக்கியமும் திருக்கணிதமும் வெவ்வேறு விடை தரலாம்.