ஞாயிறு சரிவும் செவ்வாய் சரிவும்

ஒரு நாளிதழின் கைபேசிச் செயலியை நாள்தோறும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று வரைபடம் போட்டால், கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். வேலை நாட்களில் பேருந்துப் பயணமும் மதிய உணவு இடைவேளையும் செய்தி படிக்கும் நேரங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளிகள் இல்லாததால் எண் கீழே விழுகிறது. திங்களன்று தானாக மேலே வருகிறது. இந்த இறக்கம் நோயின் அறிகுறி அல்ல, வாசகர்களின் வார வாழ்க்கையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் உண்மையான கோளாறும் வரைபடத்தில் இறக்கமாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிவதுதான் சிக்கல்.

ஒரு மாதிரிக் கணக்கில் இது தெளிவாகும். சனிக்கிழமை 37,000 பேர் திறந்த செயலியை ஞாயிறன்று 30,100 பேர்தான் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, செவ்வாயன்று 39,000 பேர் திறக்கிறார்கள். முந்தைய நாட்களோடு மட்டும் ஒப்பிட்டால் ஞாயிறு பயமுறுத்தும், செவ்வாய் நிம்மதி தரும். இரண்டுமே தவறு.

ஞாயிறை ஞாயிறோடுதான் ஒப்பிட வேண்டும். கடந்த எட்டு ஞாயிறுகளின் எண்கள் இவை: 30,400, 31,000, 29,800, 30,900, 22,500, 30,200, 31,300, 30,600. நடுவில் உள்ள 22,500 தீபாவளி நாள். 2023இல் நவம்பர் 12 அன்று தீபாவளி ஞாயிறாகவே வந்ததுபோல. எட்டையும் கூட்டி வகுத்தால் சராசரி ஏறத்தாழ 29,600. ஒரே ஒரு பண்டிகை நாள் சராசரியை ஆயிரம் அளவுக்குக் கீழே இழுத்துவிட்டது. அதனால் இங்கே கூட்டுச் சராசரியைவிட நடுவெண் நம்பகமானது: எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. இங்கே அது 30,500. இந்த வார ஞாயிறு அதைவிட 400 மட்டுமே குறைவு. கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி செவ்வாய். கடந்த எட்டு செவ்வாய்களின் நடுவெண் 42,000. எல்லா எண்களும் 41,300க்கும் 42,800க்கும் இடையில் அடங்குகின்றன. இந்தச் செவ்வாய் 3,000 குறைவு. விழுக்காட்டில் பார்த்தால் வெறும் ஏழுதான். ஆனால் இந்த நாள் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதை வைத்துத்தான் இதை எடைபோட முடியும். ஒவ்வொரு செவ்வாயும் நடுவெண்ணிலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதி, அந்த விலகல்களுக்கும் ஒரு நடுவெண் கண்டால் 350 வருகிறது என்று கொள்ளலாம். வழக்கமான விலகலைப்போல் நாலைந்து மடங்கைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறையில் பயன்படும் அளவுகோல். 3,000 என்பது எட்டு மடங்குக்கும் மேல். பெரிதாகத் தெரிந்த ஞாயிறு சரிவு இயல்பானது, கண்ணில் படாத செவ்வாய் சரிவுதான் கோளாறு.

எட்டு வாரம் என்பதும் யோசித்து எடுக்க வேண்டிய அளவு. மூன்று நான்கு வாரம் மட்டும் எடுத்தால் ஒரு தேர்தல் முடிவு நாளோ பெருமழை நாளோ கணக்கையே மாற்றிவிடும். அரையாண்டு எடுத்தால் கோடை விடுமுறையின் பழக்கமும் பள்ளி நாட்களின் பழக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

விசாரணை, எண்ணைத் துண்டு துண்டாகப் பிரிப்பதில் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று பிரித்தபோது ஐபோன் பக்கம் அசையவே இல்லை. குறைந்தது முழுக்க ஆண்ட்ராய்டில், அதுவும் திங்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில்தான் செயலியின் புதிய பதிப்பு வெளியானது. இவ்வளவு கிடைத்தபின் ஒரு கேள்வி மிச்சம்: வாசகர்கள் உண்மையிலேயே குறைந்தார்களா, எண்ணும் கருவி பழுதானதா? செய்திகளை அனுப்பும் சர்வரின் பதிவேட்டில் ஆண்ட்ராய்டுக்குப் போன செய்திகளின் எண்ணிக்கை குறையாமல் இருந்தால், வாசகர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், எண்ணுவதுதான் தவறிவிட்டது. அங்கும் குறைந்திருந்தால், புதிய பதிப்பு சிலருக்குத் திறக்கவே இல்லை என்ற திசையில் தேட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆசிரியர் குழுவிடம் போய்த் தலைப்புகள் ஈர்க்கவில்லை என்று குறை சொல்வது வீண் பழி. கோளாறு என்று உறுதியான செவ்வாயை, அடுத்த வாரங்களுக்கான கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அப்படிப்பட்ட நாட்கள் சேரச் சேர, வழக்கம் என்ற அளவே கீழிறங்கிவிடும்.

இந்த முறைக்குப் பிடிபடாத சரிவு ஒன்று உண்டு. வாரத்துக்கு அரை விழுக்காடு வீதம் வாசகர் மெல்லக் கழன்றால், எட்டு வார அளவும் கூடவே இறங்கிக்கொண்டிருக்கும். எந்த வாரத்திலும் இடைவெளி இரண்டு விழுக்காட்டைப் பெரிதாகத் தாண்டாது; எச்சரிக்கை மணி அடிக்காது. ஓராண்டு முடியும்போது கிட்டத்தட்ட கால் பங்கு வாசகர் போயிருப்பார்கள். இதைப் பார்க்கச் சென்ற ஆண்டோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் அதே தேதியை எடுக்காமல் 364 நாள் பின்னே போக வேண்டும்; அது சரியாக 52 வாரம் என்பதால் செவ்வாய்க்கு எதிரே செவ்வாயே நிற்கும். தீபாவளி போன்ற இடம் மாறும் பண்டிகைகள் வரும் வாரங்களை மட்டும் தனியாக, பண்டிகைக்கு எதிரே பண்டிகையாக வைத்துப் பார்க்க வேண்டும்.